குரூப் 4 வார அட்டவணை போட்டிருக்கேன், ஞாயிறு மாதிரித் தேர்வு மார்க் மட்டும் ஏறல. பார்த்துச் சொல்லுங்க

கடைக்கணக்கு:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு கடையில கணக்கு எழுதற வேலை. காலைல 5.15 முதல் 7 மணி வரை, ராத்திரி 8.30 முதல் 10 வரை படிக்க முடியும். ஞாயிறு முழுசா லீவு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கு இப்படி அட்டவணை போட்டு போன்ல தினமும் நினைவூட்டல் வெச்சிருக்கேன்:

திங்கள் வரலாறு, செவ்வாய் புவியியல், புதன் அரசியலமைப்பு, வியாழன் அறிவியல், வெள்ளி பொருளாதாரம், சனி கணக்கு, ஞாயிறு காலைல தமிழ், மதியம் மாதிரித் தேர்வு.

தேர்வு முடிஞ்சதும் விடைக்குறிப்பு பார்த்து மார்க்கை நோட்டுல எழுதிடுவேன். 185-லிருந்து 195-க்குள்ளேயே சுத்துது. போன வாரம் 200-க்கு 128 சரி, அதாவது 192 மார்க். தமிழ் 74, பொது அறிவு 38, கணக்கு 16. அட்டவணைல எதை மாத்தணும்?

வெற்றிவேல்77:
சகோ, தமிழுக்கு இதுவே அதிகம். தமிழ் தகுதித் தேர்வு மட்டும்தான், 40 சதவீதம் எடுத்தா போதும். நீங்க 74 எடுக்கறீங்க. ஞாயித்துக்கிழமை தமிழைத் தூக்கிட்டு அதுலயும் பொது அறிவு போடுங்க. 75-க்கு 38 ரொம்பக் கம்மி.

மேசை எழுத்தர்:
வெற்றிவேல் சொல்றது குரூப் 2 முதன்மைத் தேர்வுத் தமிழ்த் தாளுக்குச் சரி. அங்கே 40 சதவீதம் தாண்டினா போதும், அந்த மார்க் கூட்டல்ல வராது. குரூப் 4-ல தமிழ் தகுதிக்கும் உண்டு, மதிப்பெண்ணுக்கும் உண்டு. 150-க்கு 60 எடுக்கலைன்னா அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டாங்க. எடுத்துட்டா அந்த 150-ல வாங்கற ஒவ்வொரு மார்க்கும் தரவரிசையில சேரும். பாதித் தாளே தமிழ்தான்.

தம்பி, உங்க அட்டவணையில எனக்கு முதல்ல கண்ல பட்டதும் அதேதான். 200 கேள்வியில 100 வர்ற பாடத்துக்கு வாரத்துல ஒரு காலை. 25 கேள்வி வர்ற கணக்குக்கு ஒரு முழு நாள், அப்புறம் ஆறு நாள் கையே வைக்கல. கணக்கை அப்படிப் படிச்சா வேகம் நிக்காது.

ஆனா அட்டவணையை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. அந்த 128 சரியில எத்தனை தெரிஞ்சு போட்டது, எத்தனை அடிச்சு விட்டது?

கடைக்கணக்கு:
அது குறிச்சு வைக்கல அண்ணா. தெரியாததுக்கு ஏதாவது ஒண்ணை நிழலிட்டுடுவேன். மைனஸ் மார்க்தான் இல்லையே.

ரயில்வண்டி:
தெரியாததைத் தொடவே கூடாதுங்க! மூணு தப்புக்கு ஒரு மார்க் போயிடும். நான் போன தடவை அப்படிப் போட்டுத்தான் கட் ஆஃப்ல விட்டேன். வார அட்டவணையெல்லாம் அப்புறம், முதல்ல அடிச்சு விடறதை நிறுத்துங்க.

மேசை எழுத்தர்:
நண்பா, நீங்க ஆர்ஆர்பி எழுதறீங்கன்னு நினைக்கறேன். அங்கே தப்புக்கு மூணுல ஒரு பங்கு கழியும். நாலு விடையில கண்ணை மூடி ஒண்ணு போட்டா சராசரியா லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. குரூப் 4-ல கழிவே கிடையாது. தெரியலைன்னா "விடை தெரியவில்லை"ங்கற E வட்டத்தை நிழலிடணும், வெறுமனே விடக் கூடாது. அந்த E-க்குப் பதிலா ஒரு விடையைப் போட்டா நாலுக்கு ஒண்ணு கிடைக்கும். அதனால தேர்வு அறையில தம்பி செய்யறது சரிதான்.

வீட்டுல நடக்கற ஞாயிறு தேர்வுக்கு மட்டும் அது கெடுதல். 40 கேள்வி குருட்டுல போட்டா 10 சரியாகும், 15 மார்க் வரும். ஒரு வாரம் 7 சரியாகும், இன்னொரு வாரம் 13 ஆகும். அதுலயே 9 மார்க் ஏறி இறங்கிடும். நீங்க 185-க்கும் 195-க்கும் நடுவுல பார்க்கற ஆட்டம் பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும். அதைப் பார்த்து அட்டவணையை மாத்தினா, அதிர்ஷ்டத்தைப் பார்த்து மாத்தறீங்கன்னு அர்த்தம்.

இந்த ஞாயிறு ஒண்ணு செய்யுங்க. விடை போடும்போதே ஒரு தனித்தாள்ல கேள்வி எண் பக்கத்துல குறி வையுங்க. உறுதியாத் தெரிஞ்சா "உ". ரெண்டு விடைக்குள்ள தடுமாறினா "ச". ஒண்ணுமே தெரியாம போட்டா "கு". திருத்தின பிறகு மூணையும் தனித்தனியா எண்ணுங்க.

தாமரை_மா:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். நானும் இதே தேர்வுதான், கைக்குழந்தை இருக்கு. உங்க நினைவூட்டல் "திங்கள், வரலாறு"ன்னு மட்டும் வருதா? எனக்கு அப்படித்தான் வெச்சிருந்தேன். நாலு நாள் பார்ப்பேன், அப்புறம் மணி அடிச்சதும் கை தானா அணைச்சுடும். பாடத்தோட பேரைப் பார்த்ததும் "எங்கிருந்து தொடங்கறது"ன்னு யோசிக்கணும், அந்த யோசனைக்கே கால்மணி நேரம் போயிடும். இப்போ புத்தகம், பக்கம், எத்தனை கேள்வின்னு எழுதி வைக்கறேன். "9ஆம் வகுப்பு தமிழ், இயல் 3 இலக்கணம், முடிச்சதும் 15 கேள்வி" இப்படி. குழந்தை முழிச்சுட்டா எங்கே விட்டேன்னும் தெரியும்.

ஆனா ஞாயிறு மதியம் தேர்வு எழுதி எனக்குப் பழக்கமே ஆகல. தூக்கமா வருது.

மேசை எழுத்தர்:
அம்மா சொன்ன நினைவூட்டல் முறைதான் சரி. நேரத்தைப் பத்தியும் ஒண்ணு சேர்த்துக்கறேன். தேர்வு காலை 9.30 முதல் 12.30 வரை. ஞாயிறு தேர்வையும் அதே நேரத்துல வையுங்க. ஓஎம்ஆர் தாள் நகல் எடுத்து கறுப்புப் பந்துமுனைப் பேனாவால நிழலிடுங்க. ஒரு வட்டத்துக்கு 5 விநாடின்னா 200 வட்டத்துக்கு 17 நிமிஷம் ஆயிடுது. விடையை டிக் மட்டும் போட்டுப் பழகினவங்களுக்கு அந்த 17 நிமிஷம் தேர்வு நாள்லதான் தெரியவரும், அதுவும் பெரும்பாலும் கணக்குப் பகுதியிலதான் இடிக்கும்.

கடைக்கணக்கு:
அண்ணா, ஞாயிறு காத்திருக்காம, போன வாரத் தாளையே எடுத்து ஒவ்வொரு கேள்வியா ஞாபகப்படுத்தி குறி வெச்சுட்டேன். கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம்.

தமிழ்: உறுதியாப் போட்டது 70, அதுல 62 சரி. சந்தேகம் 18, 9 சரி. குருட்டு 12, 3 சரி.
பொது அறிவு: உறுதி 28, 23 சரி. சந்தேகம் 17, 8 சரி. குருட்டு 30, 7 சரி.
கணக்கு: உறுதி 15, 14 சரி. சந்தேகம் 2, 1 சரி. குருட்டு 8, 1 சரி. அந்த 8-உம் நேரம் பத்தாம கடைசி அஞ்சு நிமிஷத்துல போட்டது.

ஆக உறுதியா 99 தான் எனக்குத் தெரிஞ்சது. 148 மார்க் சொச்சம். மத்தது எல்லாம் தடுமாற்றமும் யோகமும். கொஞ்சம் கஷ்டமா இருக்கு.

மேசை எழுத்தர்:
கஷ்டப்படாதீங்க, இப்பத்தான் பேசறதுக்கு விஷயம் கிடைச்சிருக்கு.

முதல்ல பார்க்க வேண்டியது "உறுதி, ஆனா தப்பு". தமிழ்ல 8, பொது அறிவுல 5, கணக்குல 1. மொத்தம் 14 கேள்வி, 21 மார்க். இது படிக்காத பாடம் இல்லை, தப்பாப் பதிஞ்ச பாடம். மறுபடி படிச்சாலும் "இது தெரியும்"னு கண்ணு தாண்டிப் போயிடும். தேர்வுலயும் அதே தப்பையே உறுதியாப் போடுவீங்க. அதனால இந்த 14-ஐ மட்டும் தனி நோட்டுல எழுதி, எதை எதோட குழப்பினீங்கன்னு ஒரு வரி போடுங்க. சரியான விடையை மட்டும் எழுதி வெச்சா பிரயோஜனம் இல்லை.

ஆனா நோட்டுல ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் பள்ளிப் புத்தகத்துல சரிபாருங்க. வெளியில விக்கற மாதிரித் தாள்கள்ல விடைக்குறிப்பே தப்பா வரும். முடிஞ்ச வரைக்கும் தேர்வாணையத்தோட பழைய தாள்களை இறுதி விடைக்குறிப்போட எடுத்து எழுதுங்க.

ரெண்டாவது "சந்தேகம்". பாதிக்குப் பாதி சரியாகுது, ரெண்டு விடையில ஒண்ணுன்னா அதுதான் வரணும். இந்தப் பாடங்களுக்குப் புது வாசிப்பு தேவையில்லை, திருப்புதல் போதும். மூணாவது "குருட்டு". பொது அறிவுல 30. எந்தப் பாடத்துலேருந்து அந்த 30 வந்ததுன்னு பிரிங்க. அதுதான் ராத்திரி ஒன்றரை மணி நேரம் எதுக்குப் போகணும்னு சொல்லும். கணக்கு குருட்டு 8-ஐ இதோட சேர்க்காதீங்க, அது நேரப் பிரச்சினை.

கடைக்கணக்கு:
பிரிச்சுப் பார்த்தேன். குருட்டு 30-ல 11 அரசியலமைப்பு, 8 இந்திய தேசிய இயக்கம், மிச்சம் அங்கங்கே. புதன்கிழமை அரசியலமைப்பு படிச்சும் இப்படி.

தமிழ் உறுதித் தப்பு 8-ல 5 இலக்கணக் குறிப்பு. வினைத்தொகையையும் பண்புத்தொகையையும் மாத்தி மாத்திப் போட்டிருக்கேன். பொது அறிவுல 11ஆவது அட்டவணை 18 இனங்கள்னு போட்டேன். அது 12ஆவது, நகராட்சிக்கு. 11ஆவது ஊராட்சிக்கு, 29. ஒரு கேள்வியில விடைக்குறிப்புதான் தப்பு, புத்தகத்துல என் விடைதான் இருக்கு. அப்போ 14 இல்ல, 13.

தாமரை_மா:
இலக்கணக் குறிப்புக்கு எனக்கு உதவினது: சொல்லை மூணு காலத்துலயும் விரிச்சுப் பார்க்கறது. "ஊறுகாய்"னா ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய், மூணும் வருது, அது வினைத்தொகை. "செந்தாமரை"யை அப்படி விரிக்க முடியாது, செம்மையான தாமரைன்னுதான் வரும், அது பண்புத்தொகை. அவசரத்துல சொல்லோட ஓசையை வெச்சுப் போட்டா தப்பும்.

மேசை எழுத்தர்:
சரி, இப்போ அட்டவணை. உங்க நேரத்தை மாத்தல, உள்ளே இருக்கறதைத்தான் மாத்தறேன்.

காலை 5.15 முதல் 6.15 வரை தமிழ், திங்கள் முதல் சனி வரை. 6.15 முதல் 7 வரை கணக்கு, தினமும் ஒரே தலைப்புல 15 கணக்கு, கடிகாரம் வெச்சு. தனிவட்டி, கூட்டுவட்டி ஒரு வாரம், வேலையும் நேரமும் அடுத்த வாரம். ராத்திரி பொது அறிவு: திங்கள், செவ்வாய் அரசியலமைப்பு. புதன், வியாழன் தேசிய இயக்கம். வெள்ளி அறிவியல். சனி ராத்திரி புதுப் பாடம் வேண்டாம், அந்த வாரம் படிச்சதையும் நடப்பு நிகழ்வுகளையும் திருப்புங்க. புவியியலும் பொருளாதாரமும் அடுத்த வாரம் வரும்.

ஞாயிறு 9.30 முதல் 12.30 வரை தேர்வு. தமிழ் 55 நிமிஷம், பொது அறிவு 60, கணக்கு 40. நிழலிடறதும் அதுக்குள்ளேயே, கேள்விக்குக் கேள்வி. மிச்சம் 25 நிமிஷம் தடுமாறினதைப் பார்க்கவும், வட்டம் எதுவும் விட்டுப்போகலைன்னு சரிபார்க்கவும். மதியம் 3 மணிக்குத் திருத்த உக்காருங்க, நிதானமாச் செஞ்சா ரெண்டு மணி நேரம் ஆகும். அதை முடிச்சு, அடுத்த ஆறு நாளுக்கான நினைவூட்டலை அன்னிக்கு சாயங்காலமே எழுதிடுங்க. நினைவூட்டலோட முதல் வரி போன ஞாயிறு உறுதித் தப்புல ரெண்டு அல்லது மூணு கேள்வியா இருக்கட்டும், விடை இல்லாம. உங்க 13-உம் ஆறு நாளுக்குள்ள அடங்கிடும்.

உதாரணத்துக்கு திங்கள் ராத்திரி: "11ஆவது அட்டவணை யாருக்கு, எத்தனை இனங்கள்? பிறகு 10ஆம் வகுப்பு சமூக அறிவியல், இந்திய அரசியலமைப்புப் பாடம். முடிச்சதும் புத்தகத்தை மூடி 20 கேள்வி."

இன்னொண்ணு. தனித்தாள்ல குறி வைக்கறது வீட்டுக்கு மட்டும். உண்மைத் தேர்வுல வினாத்தாள்ல, ஓஎம்ஆர்ல எங்கேயும் வேற குறி போடற பழக்கம் வரக் கூடாது.

அளவுகோல்:
கையால எண்ண வேண்டாம். விரிதாள்ல B-ல பாடம், C-ல உ / ச / கு, D-ல சரின்னா 1, தப்புன்னா 0 போடுங்க. தமிழ்ல உறுதித் தப்பு எத்தனைன்னு இது சொல்லும்:

```
=COUNTIFS(B2:B201,"தமிழ்",C2:C201,"உ",D2:D201,0)
```

நினைவூட்டலையும் இன்னொரு தாள்ல B2 முதல் B8 வரை திங்கள்லேருந்து ஞாயிறு வரிசையில எழுதி வெச்சா, அன்னிக்கு உள்ளதை மட்டும் இது காட்டும்:

```
=CHOOSE(WEEKDAY(TODAY(),2),B2,B3,B4,B5,B6,B7,B8)
```

இது மணி அடிக்காது, தாளைத் திறந்தாத்தான் தெரியும். அதனால அலாரம் தனியா வேணும்.

வெற்றிவேல்77:
தமிழ் விஷயம் ஒத்துக்கறேன், குரூப் 2 வகுப்புல கேட்டதை இங்கேயும் பொருத்திட்டேன். ஆனா புவியியலை ஒரு வாரம் முழுக்க விடறது சரியாப் படல. பத்து நாள் கழிச்சு வரும்போது எல்லாம் மறந்திருக்கும். எல்லாப் பாடமும் வாரத்துல ஒரு தடவையாவது கண்ல படணும்.

மேசை எழுத்தர்:
அது நியாயமான பயம்தான். ஒரு ராத்திரியில ஒரு பாடத்தைத் தொட்டுட்டு விட்டா ஒண்ணும் முடியறதில்லை, அதான் ரெண்டு நாள் கொடுத்தேன். சனி திருப்புதல்ல புவியியலுக்கு 20 கேள்வி போட்டுக்கலாம்.

கடைக்கணக்கு:
புது அட்டவணைப்படி ஒரு வாரம் ஓடிடுச்சு. வியாழன் கடையில சரக்குக் கணக்கெடுப்பு, ராத்திரி படிக்கல. இன்னிக்கு 9.30-க்கே எழுதினேன்.

189. போன தடவையை விட 3 கம்மி! பிரிச்சுப் போட்டிருக்கேன்: உறுதி 117-ல 106 சரி. சந்தேகம் 36-ல 13. குருட்டு 47-ல 7. கணக்குல இந்தத் தடவை நேரம் பத்தாம விட்டது 3 தான்.

மேசை எழுத்தர்:
உறுதிச் சரி 99-லிருந்து 106. உறுதித் தப்பு 11, அதையும் புத்தகத்துல சரிபாருங்க. குருட்டுல 12 வந்திருக்கணும், 7 வந்திருக்கு. சந்தேகத்துலயும் பாதி வரல. மொத்த மார்க்கைக் குறைச்சது அதுதான்.

அந்த 11-ல போன வாரத் தப்பு நோட்டுல இருந்தது எத்தனை? அதே தப்பு திரும்ப வந்திருந்தா அதுதான் கவலை.

அளவுகோல்:
அண்ணா, 99-லிருந்து 106 ஏறினதையும் அப்படியே நம்பக் கூடாது. தாள் வேற, கஷ்டம் வேற. போன வாரக் குறி ஞாபகத்துல வெச்சது, இந்த வாரக் குறி எழுதும்போதே வெச்சது. நாலஞ்சு ஞாயிறு ஒரே மாதிரிக் குறிச்சாத்தான் ஏதாவது சொல்ல முடியும்.

மேசை எழுத்தர்:
ஏறினது எவ்வளவுன்னு உறுதியாச் சொல்ல முடியாது, சரி. ஆனா அடுத்த வார நினைவூட்டல் எழுத நாலு ஞாயிறு காத்திருக்க முடியாது. அந்த 11 கேள்வியே போதும்.

கடைக்கணக்கு:
போன வாரத் தப்புல ஒண்ணுதான் திரும்ப வந்திருக்கு, இலக்கணக் குறிப்பு. "எழுகதிர்". விரிச்சுப் பார்க்காம பண்புத்தொகைன்னு போட்டுட்டேன். மத்த 10-ல 4 அறிவியல். வெள்ளி ஒரு ராத்திரிதான் அறிவியலுக்கு இருக்கு. வர்ற வாரம் புவியியல், பொருளாதாரம் வரணும், அறிவியலுக்கும் ரெண்டாவது நாள் வேணும்னா எதைக் குறைக்கறது?

வெற்றிவேல்77:
பொருளாதாரத்தை ஒரு நாளாக்கிடுங்க.

தாமரை_மா:
அறிவியல் 4-உம் எந்தப் பாடம்னு சொல்லுங்க தம்பி. எனக்கு எப்பவும் இயற்பியல்ல அலகுதான் போகும். அப்படின்னா அதுக்கு ஒரு ராத்திரி வேண்டாம், காலையில கணக்கோட சேர்த்துப் போட்டுக்கலாம்.

கடைக்கணக்கு:
மூணு அலகுதான் அக்கா, ஒண்ணு வைட்டமின். நாளைக்குக் காலை நினைவூட்டல்ல அலகைச் சேர்த்துட்டேன். பொருளாதாரம் ரெண்டு நாளாவே இருக்கட்டும்.